ஆறு மில்லிமீட்டர்

புது நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. சுழலும் நாற்காலி. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், பட்டறை மேலாளருக்காக ஒழித்து வைத்திருந்த அறையில் போட்டார்கள். யார் கேட்டாலும் முதலாளி ஒரே பதிலைச் சொன்னார். "ரெண்டாவது டிரான்ஸ்பார்மர் ஒழுங்கா பாஸாகிப் போகட்டும். போர்மேன் அதுல உட்காருவார்."

போர்மேன் என்றால் என் வீட்டுக்காரர். காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்பார். நான் அதே தொழிற்சாலையில் சோதனைக்கூடத்தைப் பார்க்கிறேன். அதாவது, அவர் செய்வதை நான் பாஸ் போட வேண்டும். வீட்டில் இது தலைகீழ். என் சமையலுக்கு அவர் பாஸ் போடுகிறார். இதுவரை எதையும் பெயில் ஆக்கியதில்லை, பயந்த சுபாவம்.

ஒரே மாதிரி இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்துக்கு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுமையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டின் இம்பீடன்ஸும், அதாவது மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்தும் அளவும், கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எட்டு சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அதில் பத்தில் ஒரு பங்கு கூடலாம், குறையலாம். ஏழு புள்ளி இரண்டுக்குக் கீழே போனாலும், எட்டு புள்ளி எட்டுக்கு மேலே போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலாவது எட்டு புள்ளி ஏழு வந்தது. மயிரிழையில் பாஸ். அதற்குள் வாங்குபவர்கள் பக்கத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் என் உயிரை எடுத்துவிட்டார். மீட்டரை மாற்று என்றார், மாற்றினேன். கம்பியை மாற்று என்றார், மாற்றினேன். மறுபடி எட்டு புள்ளி ஏழு. பார்க்கிற ஆளை மாற்று என்று சொல்லாததுதான் பாக்கி.

அந்தக் கடுப்பில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. டிசைனரிடம் போய்க் கத்தினேன். எதையும் மூன்று தசம இடம்வரை சொல்கிற பிள்ளை, அதனால் எல்லோருக்கும் அவன் பெயர் தசமப்புள்ளி. வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போடும்போது வீட்டுக்காரரிடமும் புலம்பினேன். "ரெண்டு காயிலுக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி. அதான் ஏறி நிக்குது. அடுத்ததும் இப்படி வந்தா நான் வேலையை விட்டுடுவேன் பாத்துக்கோங்க." அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்த இடைவெளி சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே குறைந்த மின்னழுத்தக் காயில். அதைச் சுற்றி வெளியே உயர் மின்னழுத்தக் காயில். நடுவில் எண்ணெய் போக, வரிசையாகக் குச்சிகள் நிறுத்தி ஒரு சந்து விட்டிருக்கும். காந்தப்புலம் பெரும்பாலும் இரும்பு வழியாகப் போய் இரண்டு காயிலையும் கோக்கும். ஆனால் கொஞ்சம் மட்டும் கோக்காமல் அந்தச் சந்து வழியாகவே ஓடிவிடும். அதுதான் கசிவு. சந்து அகலமானால் கசிவு கூடும், இம்பீடன்ஸ் ஏறும். சந்து ஒடுங்கினால் இறங்கும். குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. எங்காவது ஷார்ட் ஆனால் பாய்கிற மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த இம்பீடன்ஸ்தான். அது இல்லையென்றால் காயில் நெளிந்து போகும்.

இரண்டாவது டிரான்ஸ்பார்மர் என் கூடத்துக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி வந்தார். தசமப்புள்ளி கைகட்டி நின்றான். வீட்டுக்காரர் வாசல் பக்கம் வந்து நின்றார், சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அந்தச் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன்.

சுற்று விகிதம் பார்த்தேன், சரி. அப்படியானால் சுற்றுகளின் எண்ணிக்கையில் தப்பில்லை. மின்தடை பார்த்தேன், முதல் டிரான்ஸ்பார்மரைவிட ஒரு துளி குறைவு. அப்போதே எனக்கு மூக்கு வியர்த்தது. கம்பி நீளம் குறைந்தால்தானே மின்தடை குறையும்? சுற்று அதேதான் என்றால், வெளிக்காயில் சின்ன வட்டமாகச் சுற்றியிருக்கிறார்கள்.

குறைந்த மின்னழுத்த உள்காயிலின் முனைகளைத் தடித்த செம்புப் பட்டையால் ஷார்ட் செய்தேன். வெளிக்காயிலில் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினேன். முழு மின்னோட்டம் பாய்கிறபோது எவ்வளவு வோல்ட் கொடுத்திருக்கிறோமோ, அதை முழு வோல்ட்டோடு ஒப்பிட்டால் அதுதான் இம்பீடன்ஸ். எட்டு வர வேண்டும். நான் எட்டுக்கு வரும் முன்பே முள் முழு மின்னோட்டத்தைத் தொட்டுவிட்டது.

"எவ்வளவு?" என்றார் முதலாளி.

"ஆறு புள்ளி ஒம்போது."

"சரியா பாத்தியாம்மா?"

"சரியாத்தான் சார் பாத்தேன்."

முதலாளி என் பக்கத்தில் வந்து, இன்ஸ்பெக்டருக்குக் கேட்காத குரலில், "மின்சார நஷ்டம்கூடக் கம்மியாத்தானே இருக்கு? கொஞ்சம் நல்ல மனசோட பாரேன், ஏழு புள்ளி ரெண்டு தெரியும்" என்றார்.

நான் வாசல் பக்கம் பார்த்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. எதிரிலிருந்த மேலாளர் அறையை, அதிலிருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லவா? ஆறு புள்ளி ஒன்பதும் எட்டு புள்ளி ஏழும் சேர்ந்து நின்றால், இது முழுச் சுமையில் மூச்சுத் திணறும்போது முதலாவது முக்கால் சொச்சத்தோடு சும்மா நிற்கும். ஷார்ட் ஆனால் காயிலை நெருக்கும் விசை கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு ஜாஸ்தி. ஒரு நாள் இது வெடித்தால் ஊர் குடத்தோடு தெருவில் நிற்கும்.

"ஆறு புள்ளி ஒம்போது சார். பெயில்" என்று இன்ஸ்பெக்டருக்கே கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டுக் கோபத்தை யார் மேல் காட்டுவது? தசமப்புள்ளிதான் கிடைத்தான்.

"குறைன்னு சொன்னா இப்படியா குறைப்பே? அறிவு வேணாம்?"

"நான் நாலு மில்லிமீட்டர்தான்க்கா குறைச்சேன்" என்றான் அவன் பாவமாக. "இருபத்து நாலு இருந்த சந்தை இருபது ஆக்கினேன். எட்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நாலு வரணும். வரைபடத்துல இருக்கு பாருங்க."

வரைபடத்தில் இருந்தது. இருபது.

எண்ணெயை இறக்கி, காயிலோடு இரும்பை வெளியே தூக்கினார்கள். இன்ஸ்பெக்டர் தானே ஏணியில் ஏறி, மேலிருந்து சந்தை அளந்தார். காயில் ஏறிய மூன்று இரும்புக் கால்களிலும் பதினாலு.

"நான்தான் சீவினேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எதை?"

"குச்சியை. ஒவ்வொண்ணுலயும் ஆறு மில்லிமீட்டர். நானே உட்கார்ந்து சீவினேன்."

அவர் உட்கார்ந்து செய்த ஒரே வேலை அதுதான் போலிருக்கிறது. முதல் டிரான்ஸ்பார்மர் மாதிரி இருபத்து நாலுதானே என்று வரைபடத்தைப் பிரித்தே பார்க்கவில்லை. குச்சிகள் ஏற்கெனவே இருபதாகத்தான் வந்திருந்தன. எவ்வளவு சீவினோம் என்று ஒவ்வொரு குச்சியிலும் அளந்த மனிதர், எவ்வளவு மிச்சம் என்று ஒன்றிலும் அளக்கவில்லை.

"யார் சொல்லி சீவினீங்க?" முதலாளி குரல் உயர்ந்தது.

"யாரும் சொல்லல."

"சும்மா உட்கார்ந்து சீவுறதுக்கு உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த "ம்" ஞாபகம் வந்தது. ரசம், தட்டு, "வேலையை விட்டுடுவேன்" எல்லாம் வரிசையாக வந்தது. நாலு போதும் என்று அவருக்கே தெரியும், எத்தனை காயில் சுற்றியவர். மேலே அந்த இரண்டு, நான் மறுபடி அவதிப்படக் கூடாது என்று.

"நான் சொன்னேன் சார்" என்றேன்.

"நீ ஏன்மா சொன்னே? நீ டெஸ்ட் பண்றவ!"

"வேலையா சொல்லல. சோறு போடும்போது சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார், என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "காரணம்னு என்னங்க எழுதுறது?" என்று கேட்டார். பிறகு அவரே, "சுற்றும் பகுதியில் ஏற்பட்ட பிழை" என்று எழுதிக்கொண்டார்.

முதலாளிக்கு மனசு வரவில்லை. "வெளியில எதையாவது கூடச் சுத்தி ஏத்திட முடியாதா?" என்றார். உள்காயிலை இரண்டாகப் பிரித்து வெளிக்காயிலுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி வைத்தால் இம்பீடன்ஸ் கிட்டத்தட்டக் கால்வாசிக்கு விழுந்துவிடும், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர் என்று தசமப்புள்ளி விளக்கினான். ஏற்ற வேண்டுமானால் சந்தை அகலமாக்க வேண்டும், அதற்கு மூன்று வெளிக்காயிலையும் கழற்றி மறுபடி சுற்ற வேண்டும். வேறு வழியில்லை. "கால்வாசியா?" என்று முதலாளி மட்டும் ஆசையாக ஒரு தரம் கேட்டுக்கொண்டார், எது நல்லது எது கெட்டது என்பதே அவருக்கு அப்போது குழம்பியிருந்தது.

அன்று சாயங்காலமே நாற்காலியை எடுத்துப் போய் தசமப்புள்ளியின் மேசைக்குப் பின்னால் போட்டார்கள். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு உறையைப் பிரிக்காமலே அதில் உட்கார்ந்தான். அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம்.

வீட்டில் அவர் என்னிடம் பேசவில்லை. கோபம் இல்லையாம், அவர் அம்மாவிடம், அதாவது என் அத்தையிடம், சொல்லியனுப்பினார். அத்தைக்குக் கசிவு என்றால் எண்ணெய் கசிவுதான். "ஒழுகுற இடத்துல துணியை அடைச்சிருக்கலாமேடி" என்று என்னைத்தான் கேட்டார்.

மறுபடி சுற்றியானது. அவரே நின்று சுற்றினார், வரைபடத்தை எதிரில் ஒட்டிவைத்துக்கொண்டு. மறுபடி என் கூடம், மறுபடி இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை பழைய சட்டை. நான் மின்னழுத்தத்தை ஏற்றினேன்.

"எட்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு" என்றேன்.

வாசல் பக்கமிருந்து "ம்" என்று கேட்டது.

அன்று ராத்திரி தைலத்தை வாங்கி நானே அவர் முழங்காலில் தேய்த்தேன். வீங்கியிருந்தது. அழுகை வந்தது, கோபம்போல வெளியே வந்தது.

"ஏங்க, இனிமே நான் எதுக்காவது புலம்பினா காதுலயே வாங்காதீங்க. புரியுதா?"

"அது மட்டும் என்னால முடியாது" என்றார். "வேணும்னா இனிமே மிச்சம் எவ்வளவுன்னு அளந்து பாத்துட்டு சீவுறேன்."

மற்ற முழங்காலையும் நீட்டச் சொன்னேன்.