நாற்பத்தொரு பக்கச் சுவர்

ஜெராக்ஸ் கடை அக்கா தன் குடியிருப்பின் வாட்ஸப் குழுவை அச்செடுத்தாள். நாற்பத்தொரு பக்கம் வந்தது. பத்தே வீடு, ஒரு மாதம், ஒரே ஒரு ஈரச் சுவர்.

அக்காதான் சங்கத்தின் செயலாளர். மாலை ஆறு மணிக்குக் கூட்டம். கீழ்வீட்டு டெய்லரின் சுவரை நனைப்பது அவர் தலைக்கு மேலே குடியிருக்கும் நர்ஸின் குளியலறைதான். அவள் தரையை உடைத்துச் சரிசெய்யும்வரை அவள் வீட்டுத் தண்ணீர் வால்வை மூட வேண்டும். இப்படியொரு தீர்மானம் தயார். நர்ஸின் மாமனார் படுத்த படுக்கை. நாளுக்கு மூன்று முறை அவரைக் கழுவித் துடைக்க வேண்டும். அவரைப் பற்றி நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

"ஆதாரத்தையும் சேர்த்துக் கோத்து வைம்மா. நாளைக்கு அந்தப் பொண்ணு கேஸு கீஸுன்னு கிளம்பிட்டா?" என்று சொல்லியனுப்பியிருந்தார் ஃபார்வர்டு மாமா. விடிவதற்குள் பத்துப் பேருக்கும் பூப்படம் அனுப்பிவிடும் அவர்தான் சங்கத்தின் தலைவர்.

அக்கா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு மார்க்கர் எடுத்தாள். வெறும் பேச்சுக்கு மஞ்சள், ஆதாரத்துக்குப் பச்சை. ஆறாம் பக்கத்திலேயே மஞ்சள் வறண்டு கீச்சிட்டது.

'எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.' மஞ்சள். 'அவங்க குளிக்கிற சத்தமே அருவி மாதிரி.' மஞ்சள். 'நைட் டியூட்டி போறவளுக்குக் குடும்பத்து அருமை எப்படித் தெரியும்?' இதற்கு என்ன நிறம் அடிப்பது? அதற்குக் கீழே ஏழு பேர் சிரித்திருந்தார்கள். அக்கா நிறம் அடிக்காமலே பக்கத்தைத் திருப்பினாள்.

ஒன்பதாம் பக்கத்தில், 'பிளம்பரே பார்த்துட்டு மேல்வீடுதான்னு சொல்லிட்டார்.' அப்பாடா, பச்சை! மூடியைத் திறந்தவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். அதை எழுதியவருக்குச் சொன்னது மாமா. மாமாவுக்குச் சொன்னது டெய்லரின் மனைவி. ஆறாம் பக்கத்தில் டெய்லரே எழுதியிருந்தார்: 'பிளம்பர் போனை எடுக்கவே மாட்டேங்கிறார்.' வராத மனுஷன் மூன்று பக்கத்தில் சாட்சி ஆகிவிட்டான்.

முதல் இரண்டு பச்சை டெய்லரின் படங்களுக்கு விழுந்தது. தொழில் புத்தி, மனுஷன் சுவரில் அளவு டேப்பைப் பிடித்துப் படமெடுத்திருந்தார். இரண்டாம் தேதி ஈரம் தரையிலிருந்து பதினாலு அங்குலம். பன்னிரண்டாம் தேதி இருபத்துமூன்று. இரண்டிலும் சுவரின் மேல்பாதி காய்ந்து கிடந்தது.

மூன்றாவது பச்சை அக்காவே போட்ட படம். மூன்றாம் தேதி நர்ஸ் மாமனாரோடு நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, "கொஞ்சம் வால்வை மூடிடுங்கக்கா" என்று கேட்டுக்கொண்டாள். மூடி, அவள் வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் படமெடுத்துப் போட்டது அக்கா: 1843. பதினாலாம் தேதி திறக்கும்போது இன்னொரு படம். அதுவும் 1843.

மேலே சொட்டுத் தண்ணீர் ஓடாத நாட்களில் கீழே ஒன்பது அங்குலம் ஏறியிருக்கிறது. பத்து வீடும் பார்த்த படங்கள். யாரும் தேதியைப் பார்க்கவில்லை.

முதல் பக்கத்துக்குப் போனாள். இந்தக் கூத்தைத் தொடங்கிவைத்த வரி எது? 'மேல இருந்துதான் வருது. இது கூடவா எனக்குத் தெரியாது?' எழுதியவள் அக்கா. டெய்லரின் அந்தச் சுவருக்கு மறுபக்கம் குடியிருப்பது யார்? அதுவும் அக்கா. அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் சமையலறைத் தொட்டி.

கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். எல்லாக் குழாயையும் மூடினாள். படிக்கட்டுக்கு அடியில் இருந்த தன் மீட்டரின் தூசியை முந்தானையால் துடைத்தாள். குழாய் எல்லாம் மூடியிருந்தும் கண்ணாடிக்குள் சின்னச் சக்கரம் ஒன்று மெதுவாக, வெட்கமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலிருந்து எட்டிப் பார்த்த நர்ஸ், தண்ணீர் பிடிக்க எடுத்த காலிக் குடத்தோடே இறங்கி வந்தாள். "என்னக்கா, இப்பவே மூடப்போறீங்களா? அதான் முன்னாடியே பிடிச்சு வெச்சுக்கலாம்னு..."

அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "குடத்தை வெச்சிடும்மா. மூடப்போறது என் வீட்டு வால்வை."

மூடினாள். சக்கரம் நின்றது. சக்கரம் ஓடியதையும் நின்றதையும் எடுத்த வீடியோவைக் குழுவில் போட்டு எழுதினாள்: 'என் குழாய் கசியுது. அது உறுதி. டெய்லர் சுவர் அதனாலதான் நனையுதான்னு இன்னும் தெரியாது. வால்வை மூடிட்டேன், டெய்லர் அண்ணன் தினமும் டேப் வெச்சுப் படம் போடட்டும். நர்ஸ் வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கார். அவங்க தண்ணியை மூடுற தீர்மானத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன். முதல்ல கிளப்பிவிட்டது நான்தான். தப்பு என்மேல.'

முதலில் பதில் போட்டவர் மாமா: 'பாவம் அந்த நர்ஸ் பொண்ணு. எனக்கு அப்பவே சந்தேகம்.'

அடுத்தவர்: 'செயலாளர் வீட்டுத் தண்ணிதான்னு பிளம்பரே சொல்லிட்டாராம்.'

ஏழு பேர் சிரித்தார்கள். அதே ஏழு பேர்.

அக்கா போனைக் கவிழ்த்துவைத்து, நர்ஸின் குடத்தை எடுத்தாள். "எங்க வீட்டுல தண்ணி நின்னுபோச்சு. உங்க வீட்டுல ஒரு குடம் பிடிச்சுக்கட்டுமா?"

"வாங்கக்கா," என்று நர்ஸ் முன்னால் படியேறினாள்.