புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும்

குழாய் ரிப்பேர் செய்கிறவர் வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு இதைவிட ஈரமான சாட்சி கிடைக்காது. சமையலறைத் தொட்டிக்கு மேலே இருந்த அந்தக் குழாய் ஏழு மாதமாகச் சொட்டியது. வீட்டுக்காரி ஏழு மாதமாகச் சொன்னாள். வீட்டுக்காரர் ஏழு மாதமாக "நாளைக்கு" என்றார்.

அவருக்குத் தெரு வைத்த பெயர் ஸ்பேனர். கையில் அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "சொட்டு நிக்கும்" என்று ஒரு வீடியோ சேனல் நடத்தினார். சனிக்கிழமைக்கு ஒரு ரிப்பேர், பதினோராயிரம் சப்ஸ்கிரைபர். பேசுவது அவர். படம் பிடிப்பதும், வெட்டுவதும், ஒட்டுவதும் அவர் மனைவியின் தங்கை. அவளுக்கு அவர் வைத்த பெயர் கத்திரி.

கத்திரிக்கு வாரத்தில் ஆறு நாள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் வேலை. மாப்பிள்ளையை மெதுவாக நடக்க விடுவது, பெண்ணின் தலைக்கு மேல் கம்ப்யூட்டர் பூக்களைத் தூவுவது, இருவரையும் ஒரு இதயத்துக்குள் அடைப்பது. எண்ணூறு ஜோடிகளை அடைத்து முடித்தபோது அவளுக்கே மூச்சு முட்டியது. இந்த நேரம் பார்த்து முதலாளி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

"மாமா, நான் ஸ்டூடியோவை விட்டுட்டு முழுநேரமா நம்ம சேனலைப் பார்த்துக்கறேன். என்ன எடுக்கறது, எப்படி வெட்டறதுன்னு என் பொறுப்பு" என்று கேட்டேவிட்டாள்.

ஸ்பேனர் தாடையைச் சொறிந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவருக்குத் தன் முகம். அவள் வெட்டுகிற வேகத்தில் அது அடிக்கடி பறிபோனது.

"ஒரு போட்டி வெச்சுப்போம்" என்றார். "நம்ம சேனலுக்கு டிரெய்லர் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. நான் ஒண்ணு சொல்றேன், அதை எடு. நீ ஒண்ணு எடு. எது ஜெயிக்குதோ அவங்க சொல்றதுதான் சட்டம்."

"ஜெயிக்கறதுன்னா? எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எண்ணக் கூடாது மாமா. பார்த்ததுல நூத்துக்கு எத்தனை பேர் சப்ஸ்கிரைப் பண்ணினாங்க, அதான் கணக்கு. வாசல்ல எட்டிப் பார்க்கறவன் உள்ளே வந்து உட்காரணும்."

"சரி. என் படம் முதல்ல."

ஆளுக்கு இரண்டு வாரம் என்று முடிவானது.

ஸ்பேனரின் டிரெய்லர் இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. சூரியன் உதித்தது. சேனல் பெயர் புகைக்குள்ளிருந்து சுழன்று வந்தது. ஸ்பேனர் ஸ்பேனரோடு மெதுவாக நடந்து வந்தார். கத்திரி வயிற்றெரிச்சலோடு எண்ணூற்றொன்றாவது மாப்பிள்ளையை நடக்க விட்டாள். சின்ன வயதில் பட்ட கஷ்டம், முதல் பைப், முதல் பாராட்டு, அப்புறம் இரண்டு விநாடி வெறும் கறுப்புத் திரை. அது எதற்கு என்று கேட்டதற்கு, "மனசுல நிக்கறதுக்கு" என்றார்.

கத்திரியினுடையது முப்பத்தெட்டு விநாடி. முதல் காட்சி ஒரு குழாய், ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. "இந்தச் சத்தம் உங்க வீட்டுல கேக்குதா?" என்று ஸ்பேனரின் குரல். பிறகு கைகள்: வாஷர் மாற்றும் கை, அடைப்பெடுக்கும் கை, பைப் மரையில் நூல் சுற்றும் கை. இருபதாவது விநாடியில் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஸ்பேனர் எட்டிப் பார்த்து, "சனிக்கிழமைக்கு ஒரு ரிப்பேர், நீங்களே செய்யலாம். சப்ஸ்கிரைப் பண்ணி வெச்சுக்குங்க" என்பார். கடைசியில் சொட்டு நிற்கும்.

"என் முகம் நாலு செகண்டு. அதுவும் தலைகீழா" என்றார் ஸ்பேனர்.

"அந்தக் கோணத்துல அழகா இருக்கீங்க மாமா."

ஸ்பேனரின் படம் ஏறிய முதல் நாளே ரகளை. தன் போனில் சேனலைத் திறந்தவர் கத்தினார். "எங்கே என் படம்? போன வாரத்து ஃபிளஷ் டேங்க்தான் வருது! எடுத்துட்டியா நீ?"

"எடுக்கலை. நீங்கதான் ஏற்கெனவே சப்ஸ்கிரைப் பண்ணியிருக்கீங்களே. புதுசா வர்றவங்களுக்குத்தான் அங்கே டிரெய்லர் ஓடும். பழைய ஆளுக்கு வேற வீடியோ வெச்சிருக்கேன்."

"அப்போ நம்ம சொந்தக்காரங்க?"

"எல்லாருமே சப்ஸ்கிரைபர்தானே. அவங்களுக்கும் வராது."

ஸ்பேனரின் முகம் காற்றுப் போன டியூபாக ஆனது. சித்தப்பா பார்க்காத படம் எடுத்து என்ன, எடுக்காமல் என்ன? அன்று முழுக்க அவர் போனைத் தொடவில்லை. மறுநாள் மட்டும் என்னவோ குஷியாக விசிலடித்துக்கொண்டு திரிந்தார். கத்திரி அதைக் கவனித்தாள். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

நான்கு வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தார்கள். கத்திரியின் அக்கா எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்பேனரின் டிரெய்லர்: பார்வை தொள்ளாயிரத்து அறுபது, புது சப்ஸ்கிரைபர் ஐம்பத்தெட்டு. நூற்றுக்கு ஆறு. கத்திரியின் டிரெய்லர்: பார்வை தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, புது சப்ஸ்கிரைபர் நாற்பது. நூற்றுக்கு நாலு.

ஸ்பேனர் மேஜையைத் தட்டினார். "பார்த்தியா! நடைக்கு மயங்காதவன் உண்டா?"

கத்திரி அந்த எண்களை இன்னொரு முறை பார்த்தாள். தோற்றது பெரிதில்லை, தன் கண்ணும் கையும் பொய் சொல்லிவிட்டதே என்பதுதான் வலித்தது. ஒருவேளை உலகத்துக்கு மெதுவாக நடக்கிற மாப்பிள்ளைதான் வேண்டுமோ? அப்படியானால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான். பூக்களும் இதயங்களும் வரிசையில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தன.

ஆனாலும் பழக்க தோஷம். எத்தனை விநாடி வரை ஆட்கள் இருந்தார்கள் என்று காட்டும் கோட்டைத் திறந்தாள். ஸ்பேனரின் கோடு முதல் பத்து விநாடியிலேயே மாடிப்படியில் உருண்ட சொம்பு மாதிரி விழுந்தது. சூரியன் உதிக்கும்போதே பாதிப் பேர் ஓட்டம், பெயர் சுழலும்போது மீதியில் முக்கால்வாசி. ஆனால் அதற்கப்புறம் ஒரு சின்னக் கூட்டம் அசையவில்லை. சின்ன வயதுக் கஷ்டத்திலும் இருந்தது, முதல் பைப்பிலும் இருந்தது, கடைசிக் கறுப்புத் திரையிலும் இருந்தது.

கறுப்புத் திரையை இரண்டு விநாடி யார் பார்ப்பார்கள்? ரத்த சம்பந்தம் இருந்தால்தான் முடியும்.

கத்திரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்தவர்களை மட்டுமே பார்த்திருந்தவள், சேனலை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையைத் திறந்தாள். வழக்கமாக இரண்டு வாரத்தில் மூன்று பேர் போவார்கள், மிஞ்சினால் நாலு பேர். ஸ்பேனரின் வாரங்களில் போனவர்கள் ஐம்பது! அதிலும் நாற்பத்தேழு பேர் ஒரே நாளில், இரண்டாம் நாளில். அதே நாளில் டிரெய்லர் வழியாக வந்தவர்கள் நாற்பத்தாறு.

"மாமா" என்றாள் மெல்ல. "ரெண்டாம் நாள் விசிலடிச்சீங்களே. என்ன பண்ணினீங்க?"

"நானா? நான் என்ன பண்ணினேன்?" என்ற ஸ்பேனர் ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. இவர் கேரட்டில் மறைக்கப் பார்த்தார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "குடும்ப குரூப்ல எழுதினாரு. 'எல்லாரும் ஒரு தடவை சப்ஸ்கிரைபை எடுத்துட்டு, என் படத்தைக் கடைசி வரைக்கும் பாருங்க. பார்த்துட்டு மறக்காம திரும்பப் பண்ணிடுங்க'ன்னு. சித்தப்பா மூணு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாரு."

"படத்தைப் பார்க்கத்தான் சொன்னேன்!" ஸ்பேனரின் குரல் உடைந்தது. "சத்தியமா போட்டியை நினைக்கலை. நான் எப்படி நடக்கறேன்னு நம்மாளுங்க பார்க்க வேண்டாமா?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏமாற்றுவதற்கு வேண்டிய கணக்கு அவருக்கு வராது. கத்திரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தில் கழித்தாள். வீட்டுக்காரர்களை எடுத்துவிட்டால் ஸ்பேனருக்கு வந்த புது ஆட்கள் பன்னிரண்டு. நூற்றுக்கு ஒன்றைக் கொஞ்சம் தாண்டும். அவளுக்கு நூற்றுக்கு நாலு, கலப்படம் இல்லாமல்.

"இரு, இரு" என்றார் ஸ்பேனர். "போனது நாப்பத்தேழு, வந்தது நாப்பத்தாறுன்னா ஒரு ஆள் திரும்பவே இல்லையே. யார் அந்தத் துரோகி?"

"நான்தான்" என்றாள் அக்கா.

ஸ்பேனர் கேரட்டை மெல்வதை நிறுத்தினார்.

"எடுத்துட்டுப் பார்த்தேங்க. உங்க நடை முடியறதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடுச்சு. ஓடிப் போய் அணைச்சேன், மறந்துட்டேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் சேனலைத் திறந்தா, ஒரு குழாய் சொட்டுது. பார்த்தா நம்ம வீட்டுக் குழாய்!"

கத்திரி தலையைக் குனிந்துகொண்டாள். சொட்டுகிற குழாயைத் தேடி அவள் வெளியே போக வேண்டியிருக்கவில்லை. கடைசியில் சொட்டு நின்றது மட்டும் அவள் வெட்டு வேலை.

"'இந்தச் சத்தம் உங்க வீட்டுல கேக்குதா'ன்னு நீங்களே கேக்கறீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கேக்குதுய்யா, ஏழு மாசமா கேக்குதுன்னு சொல்லிட்டு சப்ஸ்கிரைபை அமுக்கினேன். அன்னிக்கே வாஷர் மாத்தற வீடியோவைப் பார்த்தேன். மெயின் வால்வை மூடினேன், உங்க பெட்டியிலேர்ந்து ஸ்பேனரை எடுத்தேன், கழட்டினேன், மாத்தினேன். பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. நடந்து பத்து நாள் ஆகுது. யாராவது கவனிச்சீங்களா?"

மூவரும் காதைத் தீட்டினார்கள். சமையலறையில் சத்தமே இல்லை.

ஸ்பேனர் எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்தார், மூடினார். அடியில் விரலை நீட்டிக் காத்திருந்தார். விரல் காய்ந்தே இருந்தது. வெளியே குரல் மட்டும் வந்தது. "நல்லா முறுக்கியிருக்கே."

"நாப்பதுல அக்காவைக் கழிச்சிடறேன் மாமா" என்றாள் கத்திரி. "அவளும் வீட்டு ஆள்தானே. முப்பத்தொம்பதுன்னு வெச்சுக்குங்க."

"வேண்டாம்" என்றார் ஸ்பேனர் உள்ளிருந்தபடியே. "அவ ஒருத்திதான் நிஜமா புதுசா வந்தவ." பிறகு தொண்டையைச் செருமினார். "உங்க முதலாளிகிட்ட நாளைக்கே சொல்லிடு. கையெழுத்து கிடையாதுன்னு. இனிமே நீ எப்படி வெட்டறியோ வெட்டிக்க. தலைகீழா காட்டணும்னாலும் காட்டு."

கத்திரி லேப்டாப்பை மூடினாள். அக்கா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி காய் நறுக்க உட்கார்ந்தாள்.

ஸ்பேனர் வெகுநேரம் வெளியே வராததால் கத்திரி எழுந்து எட்டிப் பார்த்தாள். தொட்டியில் சாய்ந்து நின்று, போனை முகத்துக்கு அருகே வைத்திருந்தார். சப்ஸ்கிரைபை எடுத்துவிட்டு அவளுடைய டிரெய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் முன்பே பார்த்தவர்தான், ஆனால் அப்போது தன் முகத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது அவர் உதடு அசைந்தது; குழாயின் சொட்டுகளை எண்ணினார். முப்பத்தெட்டாவது விநாடியில் சொட்டு நின்றதும், கட்டை விரல் தானாகப் போய் அமுக்கியது.

நாளைக்குக் கணக்கில் ஒன்று கூடியிருக்கும். அந்த ஒன்றைக் கழிக்கக் கூடாது என்று கத்திரி அப்போதே முடிவு செய்துவிட்டாள்.