எண்ணியது நாற்பத்து மூன்று

இவர் எதற்காகக் கதவைச் சாத்துகிறார்? நேர்முகத் தேர்வென்றால் இரண்டு பேராவது இருப்பார்கள் என்றல்லவா நினைத்தேன்.

நிலூஷா கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள். பல்லேகலையில் தேயிலை பொதி செய்யும் தொழிற்சாலை. களஞ்சிய உதவியாளர் வேலை. அவள் கணக்கு வைக்கும் உதிரிப்பாகக் கடையை இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். இது கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை.

“தெல்தோட்டையில இருந்தா வாறீங்க? நீங்க வந்து சேர முன்ன ஸ்டோர்ஸ மூடிருவோமே,” என்று சிரித்தார் களஞ்சிய மேலாளர் மக்கீன்.

“மொத பஸ்ல வந்துருவேன், சேர்.”

“கவனமா வேல செய்வேன்டு எல்லாரும் தான் சொல்ற. ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்பம்.”

“ஒயில் பில்டர், சேர். இருப்பு கார்டுல உள்ளத விட ராக்கையில பதினொன்னு கொறஞ்சிருந்துச்சு. களவு போயிருச்சுன்னு மொதலாளி சத்தம் போட்டாரு. நான் கார்ட திருத்தல. சாமான் வெளிய குடுத்த சிட்டையெல்லாம் ஒவ்வொன்னா ஒத்துப் பாத்தேன். ஒன்னுல ‘ஒரு பெட்டி’ன்னு இருந்துச்சு. பெட்டியில பன்னெண்டு. கார்டுல ஒன்னுன்னு மட்டும் கழிச்சிருக்கு.”

“பொறகு?”

“மொதலாளி சைன் வச்ச பொறகு தான் திருத்தினேன். இப்ப பெட்டியா, தனியான்னு எழுதாம எதையும் வெளிய விடுறதில்ல.”

மக்கீன் முகம் மலரப் பலமாகத் தலையாட்டினார். இவ்வளவு சந்தோஷப்பட இதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

களஞ்சியத்துக்கு அழைத்துப்போய், பொதி செய்யும் ஈயத்தாள் சுருள்களைக் காட்டினார். ராக்கையில் தொங்கிய இருப்பு அட்டையில் நாற்பத்தாறு. அவள் எண்ணினாள். நாற்பத்து மூன்று. மறுபக்கத்திலிருந்து தொடங்கி, பின்வரிசையில் கைவிட்டுத் தடவியும் எண்ணினாள். அதே நாற்பத்து மூன்று.

“பதியாத சிட்டை ஏதும் இருக்கா, சேர்?”

“இல்ல.”

“வேற எடத்துல சுருள்?”

“இல்ல புள்ள. முன்ன இருந்தவன் போன கெழம வேலைய விட்டு நின்டுட்டான். நாளைக்கு கணக்குப் பாக்க ஓடிட் வருது. நாப்பத்தாறு எண்ணினேன்டு எழுதி சைன் ஒன்னு வைங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்.” குரலைத் தாழ்த்தினார். “திங்கக்கெழம வேலைக்கு வரலாம்.”

சோதிக்கிறாரோ? சோதனைக்குக் குரலைத் தாழ்த்துவானேன்? நிஜம் போல இருக்கட்டும் என்று தாழ்த்தியும் இருக்கலாம். நிஜமாகவே கேட்கிறார் என்றால், இன்று வந்தவளின் கையொப்பம் எதற்கு? குறைகிற மூன்று சுருளும் இன்று இருந்தன என்று அது சொல்லும். நாளைக்குக் குறைந்தால் அவள் கையில் குறைந்ததாகிவிடும். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. அதில் எதையும் படிக்க முடியவில்லை.

“என்ன யோசின? ஒரு உதாரணத்துக்கே அவ்வளவு பேசினீங்க.”

அவர் நீட்டிய பேனையை அவள் வாங்கவில்லை.

“நான் எண்ணினது நாப்பத்தி மூனு, சேர். வேணும்னா ரெண்டு பேருமா இன்னொருக்கா எண்ணுவோம். நாப்பத்தாறுக்கு நான் சைன் வைக்கல.”