எழுபத்தைந்து நிமிடம்

டிக்கெட் போடும் சிஸ்டம் மூன்று தடவை முடியாது என்றது. மூன்று தடவையும் நான் அதைத் திட்டினேன். பதினெட்டு வருஷமாக டிராவல்ஸ் நடத்துகிறவளுக்கு ஒரு பெட்டி பாடம் எடுக்க வருகிறதா என்று வாய்விட்டே சொன்னேன்.

டிக்கெட் என் தங்கை வீட்டுக்காரருக்கு. வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர் வேலை. தங்கை படுக்கையை விட்டே எழக் கூடாது, எழுந்தால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொன்னதால் அவளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பிள்ளை அப்படியும் முன்னாலேயே பிறந்து ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதற்குள் நூற்றெண்பது நாள் நெருங்கிவிட்டது. அவர் இருக்கும் நாட்டுச் சட்டப்படி நூற்றெண்பது நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி ரத்து. ஒரு நாள் கூடினாலும் ரத்துதான். வேலையும் போகும், இவளையும் பிள்ளையையும் அங்கே கூட்டிப்போகும் நினைப்பும் போகும்.

கடைசி நாளுக்கு முந்தின நாளே கிளம்பியிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. நல்ல விமானம் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் நாளும் அதுதான். "ஒரே ஒரு நாள்க்கா. ஒரு ராத்திரியாவது அவர் பிள்ளைய மடியில வச்சிருக்கட்டும்" என்று தங்கை கெஞ்சினாள். அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கிளம்பினால் கடைசி நாள் சாயங்காலம் போய்ச் சேர ஒரே ஒரு வழிதான். நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். இடைவெளி எழுபத்தைந்து நிமிடம். இரண்டு விமானமும் ஒரே டெர்மினலில் இருந்தால் அந்த நிலையத்தில் அறுபது நிமிடம் போதும், சிஸ்டம் வாயைத் திறக்காமல் டிக்கெட் போட்டுத் தரும். ஆனால் இரண்டாவது விமானத்தைப் போன மாதம்தான் பக்கத்து டெர்மினலுக்கு மாற்றியிருந்தார்கள். டெர்மினல் மாறினால் நூற்றிருபது நிமிடம் வேண்டுமாம். அதனால் ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டேன் என்றது.

எனக்கா வழி தெரியாது. முதல் விமானத்துக்கு ஒரு டிக்கெட், இரண்டாவதுக்குத் தனியாக இன்னொரு டிக்கெட். தனித்தனியாகக் கேட்டால், இது ஒரே ஆள், ஒரே பயணம் என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. "தம்பி, கைப்பை மட்டும் எடுத்துக்குங்க. ரெண்டு போர்டிங் பாஸும் போன்ல இருக்கு. இறங்கினதும் பஸ் பிடிச்சுப் போங்க, அவ்வளவுதான்" என்று அனுப்பிவைத்தேன். பெருமையாக வேறு இருந்தது.

எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். அன்று காலை தங்கை பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நடுவில் இறங்கும் ஊரின் நேரப்படி பத்து பத்துக்கு முதல் விமானம் இறங்கியதாகத் திரையில் வந்தது. ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை.

"பாத்தியா" என்றேன்.

பத்து முப்பதுக்குத்தான் அவர் கூப்பிட்டார். கடைசி வரிசைக்குப் பக்கத்து இருக்கை, வெளியே வரவே இருபது நிமிடம் ஆகியிருக்கிறது.

"அக்கா, கதவுகிட்ட ஒரு அம்மா பேரு எழுதின தாளோட நிக்கறாங்க. நம்ம அடுத்த விமானத்துக்குப் போறவங்க நாலு பேர வேன்ல ஏத்தறாங்க. நேரா விமானத்துகிட்டயே கொண்டுபோய் விடுவாங்களாம். என் பேரு தாள்ல இல்லங்கறாங்க."

அந்த நான்கு பேர் விமானத்தை டெர்மினல் மாற்றுவதற்கு முன்பே ஒரே டிக்கெட்டாக வாங்கியவர்கள். அவர்களைக் கொண்டு சேர்ப்பது விமானக் கம்பெனியின் பொறுப்பு.

"போன அவங்ககிட்ட குடுங்க தம்பி."

அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த எல்லாப் பணிவையும் கொட்டினேன். அனுமதி, கடைசி நாள், பிறந்த பிள்ளை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா இவர் டிக்கெட்படி இவர் பயணம் இங்கயே முடிஞ்சு போச்சு. தாள்ல இல்லாதவர நான் விமானம் நிக்கற இடத்துல இறக்க முடியாது. பஸ் இருக்கு, சீக்கிரம் போகச் சொல்லுங்க."

வேன் போய்விட்டது. தம்பி ஓடினார். போனை வைக்கவில்லை, அவர் மூச்சு இரைப்பது முன்னறை முழுக்கக் கேட்டது. தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தைந்து நிமிடம் என்பது எழுபத்தைந்து நிமிடம் இல்லை. புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுவார்கள், ஆக ஐம்பத்தைந்துதான். அதில் இருபது இறங்குவதற்கும், ஐந்து அந்தக் கெஞ்சலுக்கும் போயிற்று. ஒரே டெர்மினல் என்றால் மீதி முப்பதில் நடந்தே போய் டீ குடித்துவிட்டு ஏறலாம். இது வேலை பழக வரும் புது ஆளிடம் நானே சொல்கிற கணக்கு. என் வீட்டு விஷயத்தில் அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, பாவி.

பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாக ஏழு நிமிடம். அப்போதுதான் ஒரு பஸ் போயிருந்தது. அடுத்ததற்கு ஒன்பது நிமிடம் நின்றார். பஸ் விமானங்களுக்கெல்லாம் வழிவிட்டு ஊர்ந்து போக இன்னொரு ஏழு.

"இறங்கிட்டேன்க்கா. இங்க மறுபடியும் சோதனை வரிசை இருக்கு. பெல்ட்டு, ஷூ எல்லாம் கழட்டறாங்க."

மணி பத்து ஐம்பத்தெட்டு தாண்டியிருந்தது. கேட் மூடுவது பதினொன்று ஐந்துக்கு.

"முன்னாடி நிக்கறவங்ககிட்ட கேளுங்க தம்பி. வெக்கப்படாதீங்க. கால்ல விழுந்தாவது கேளுங்க."

கேட்டார். வரிசையில் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்பது எனக்குக் கேட்டது. பெரும்பாலும் வழிவிட்டார்கள். அப்புறம் போன் எக்ஸ்ரே தட்டில் போனது, சத்தம் இல்லை. பிள்ளை சிணுங்கியது, தங்கை அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் கும்பிடாத சாமி இல்லை.

பதினொன்று ஒன்பதுக்கு அவர் குரல் வந்தது. "கண்ணாடி வழியா விமானம் தெரியுதுக்கா. இன்னும் இங்கதான் நிக்குது. கதவ மூடிட்டாங்க, தெறக்க மாட்டேங்கறாங்க."

அடுத்த விமானத்தைத் தேடினேன். மறுநாள் காலைதான். மறுநாள் என்பது நூற்றெண்பத்தொன்றாவது நாள். வேறு ஊர் வழியாக, வேறு கம்பெனியில், எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். அன்றைக்குள் போய்ச் சேர ஒன்றும் இல்லை.

"நான்தான்க்கா" என்றாள் தங்கை. "நான் அந்த ஒரு நாளக் கேக்காம இருந்திருந்தா போயிருப்பார். என் ஆசைதான் அவர் பொழப்பக் கெடுத்திருச்சு."

அப்படியே விட்டிருக்கலாம். ஒரு நொடி விடத்தான் நினைத்தேன், அதை இப்போது மறைத்து என்ன.

"இல்லடி. நீ கேட்டே, அவ்வளவுதான். இந்த நேரம் பத்தாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒரே டிக்கெட்டா போட முடியாதுன்னு மூணு தடவ வந்துச்சு. நான்தான் ரெண்டா ஒடச்சுப் போட்டேன். உன்கிட்டயும் சொல்லல, அவர்கிட்டயும் சொல்லல."

அவள் எழுந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரை மணி கழித்து அவர் மறுபடி கூப்பிட்டார். குரல் அடங்கியிருந்தது.

"ஃபேக்டரி ஃபோர்மேன்கிட்ட பேசினேன்க்கா. அனுமதி இல்லாம வந்தா வாசல்லயே திருப்பிடுவாங்க, வராதேன்னுட்டார். வீட்டுக்கே டிக்கெட் போட்டுருங்க."

உடனே தேடினேன். நேரடி விமானம் ஒன்று இருந்தது.

"மூணே காலுக்கு இருக்கு தம்பி. ஆனா அது நீங்க காலைல இறங்கின டெர்மினல். திரும்ப அதே பஸ்ஸ பிடிச்சு வரணும்."

கேலியாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல், என்னையே நம்பித்தான் கேட்டார்.

"அதுக்கு நேரம் போதுமாக்கா?"