உறவினர் இல்லாத இரண்டு நாட்கள்

பல் செட் செய்பவருக்குப் பேச்சு குறைவு. நாள் முழுக்க அடுத்தவர் வாயின் அச்சோடு உட்கார்ந்திருப்பவர், சொந்த வாயை மறந்துவிடுவார். ஆறு வருட இல்லறத்தில் அவர் மனைவிக்குக் கொடுத்த வாக்குறுதி மொத்தம் ஒன்றுதான்: "சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்குப் போறப்ப ரெண்டு நாள் நாம மட்டும். சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லாம."

கல்யாணம், விமானம் ஏறிப் போகவேண்டிய ஒரு கடலோர ரிசார்ட்டில். சனிக்கிழமை. விருந்தினருக்கான சலுகை வாடகை விழாவுக்கு மூன்று நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் செல்லும் என்று அழைப்போடு வந்த மின்னஞ்சல் ஆசை காட்டியது.

"பின்னாடி வச்சுக்கலாங்க," என்றாள் மனைவி. பள்ளியில் இயற்பியல் எடுப்பவள்; விளைவுகளை முன்கூட்டியே கணிப்பது அவள் தொழில். "முன்னாடி போனா நம்மள விருந்தாளியா பாக்க மாட்டாங்க. வேலையாளாத்தான் பாப்பாங்க."

ஆனால் திங்களன்று அவள் பள்ளியில் பரீட்சை. பின்னால் ஒரு நாள்கூடத் தேறாது. ஆக, புதன் மாலையே போய் இறங்குவது என்று முடிவாயிற்று.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. இதில் துளியும் பொய் கிடையாது. கல்யாண ஏற்பாட்டாளர் அனுப்பிய இணையப் படிவத்தில், 'எந்த விமானத்தில் வருகிறீர்கள்? அழைத்துவர வண்டி அனுப்புவோம்' என்ற கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் எழுதினார். படிவம் ஓர் ஆள் இல்லையே.

விமான நிலைய வாசலில், அவர் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி சித்தப்பாவே நின்றார்.

"டேய் பல்லு! லிஸ்ட்ல உன் பேருக்கு நேரா புதன்கிழமைன்னு பாத்ததும் உன் சித்தி அழுதே போட்டா. கூப்பிடாமயே வேலைக்கு வந்து நிக்குறான் பாருங்கன்னு!"

மனைவி கணவனைப் பார்த்தாள். "வண்டி ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு…" என்று அவர் முனகியது சித்தப்பாவின் அணைப்பில் நசுங்கிப் போனது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் ரிசார்ட்டின் சின்ன ஹாலில் இருந்தார். எதிரே நூற்றிருபது காலித் துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர் பாட்டில், வெயில் கிரீம், தொப்பி, நிகழ்ச்சி நிரல், தலைவலி மாத்திரை. பிறகு விருந்தாளியின் பெயர்ச்சீட்டு. எல்லாம் ரிசப்ஷனுக்குப் போகவேண்டும். வருகிறவர்கள் அறைச்சாவியோடு வாங்கிக்கொள்வார்கள். அவர் முதல் தலைவலி மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, நீ பேர்ச்சீட்டு ஒட்டுறியா?" என்று சித்தி மனைவியை நெருங்கினாள்.

மனைவி நிகழ்ச்சி நிரலை ஒரு விடைத்தாள் போல ஆராய்ந்துகொண்டிருந்தாள். "சித்தி, படகுச் சவாரி, மசாஜ், கடற்கரைச் சாப்பாடுன்னு போட்டிருக்கே. யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?"

"இல்லையேம்மா. போட்டோல நல்லாத்தான் இருந்துச்சு."

"போட்டோல படகு ஆடாது சித்தி. மாப்பிள்ளையோட அம்மா ஏறுனதும் வாந்தி எடுத்தாங்கன்னா?"

சித்தியின் முகத்தில் ரத்தம் வற்றியது. "ஐயோ! நீ கெட்டிக்காரி. நீயே எல்லாத்தையும் ஒரு நடை பாத்துட்டு வந்துடேன், கண்ணு."

"எனக்கு எவ்வளவோ வேலை," என்று மனைவி பெருமூச்சு விட்டாள். "ஆனா கல்யாண காரியம். மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

"நானும் துணைக்கு…" என்று கணவர் எழுந்தார்.

"நீங்க பைங்கள பாருங்க. சித்தப்பா ஒத்தையா எவ்வளவுதான் செய்வாரு, பாவம்."

இரண்டு நாள் அவள் அரும்பாடு பட்டாள். படகை இருமுறை சோதித்தாள். மசாஜில் இடது தோள் திருப்தி, வலது தோள் சந்தேகம் என்று மறுநாளும் போனாள். ஹால் ஜன்னல் வழியே கணவர் பார்த்தபோதெல்லாம், தூரத்தில் ஒரு சாய்வு நாற்காலி ஆய்வுக்கு உட்பட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளி மாலை, விரலெல்லாம் பசை ஒட்ட அவர் அறைக்கு வந்தார். "மன்னிச்சுடு. சொந்தக்காரங்க இல்லாம ரெண்டு நாள்னு சொன்னேன். சொதப்பிட்டேன்."

"எங்கே சொதப்புனீங்க? அப்படியேதானே கெடச்சுது." அவள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். "நீங்களும் எனக்குச் சொந்தக்காரர்தானே?"

அவள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இன்னொரு சோதனை பாக்கி. படகுல ரெண்டு பேர் ஏறுனா சாயுதான்னு பாக்கணும். சித்திகிட்ட சொல்லி வச்சுட்டேன். இன்னொருத்தர் யாருன்னு மட்டும் சொல்லல."

அப்போது அவர் கைபேசி ஒலித்தது. ஏற்பாட்டாளரின் புதிய படிவம்: 'நாளை காலை ஆறு மணிக்கு மேடை அலங்காரத்துக்கு யார் யார் உதவ வருவீர்கள்?'

பல் செட் செய்பவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, நல்ல காய்ச்சல் என்று எழுதி அனுப்பினார். படிவம் ஓர் ஆள் இல்லையே, பாவம் சேராது.