இடது பின்சக்கரத்து மூடி

என் கணவருக்குக் காரைத் துடைக்கத் தனித் துணி உண்டு. முகம் துடைக்க எது கையில் கிடைத்தாலும் போதும். அதனால் தெருவில் அவருக்குப் 'பாலிஷ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தது நானில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

எங்கள் காரின் இரும்புச் சக்கரங்களை நான்கு வெள்ளி நிறப் பிளாஸ்டிக் மூடிகள் மறைத்திருந்தன. இரண்டு வருஷமாக ஒன்றுகூடக் கழன்றதில்லை. மகள் பிரசவித்த இந்த ஐந்து நாளில் மட்டும் இடது பின்சக்கரத்து மூடி மூன்று முறை பறந்துவிட்டது. மூன்று முறையும் நான்தான் சாலையோரம் நடந்து போய் அதைப் பொறுக்கி வந்தேன். மறுநாள் காலை மகளையும் பேத்தியையும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். அவருக்கோ பேத்தி மொட்டைச் சக்கரத்தில் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்ற கவலை.

"மூடி சரியில்ல," என்றபடி முன்சக்கரத்து மூடியைக் கழற்றிப் பின்னால் மாட்டினார். வால்வுக்கான பள்ளத்தை வால்வுக்கு நேராக வைத்தார். உள்ளே இருக்கும் கம்பி வளையத்தைப் பார்த்தார். கொக்கிகள் ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்காரும் வரை உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி அழுத்தினார். பிள்ளைக்குச் சட்டை போடும் பக்குவம்தான். கடைத்தெரு வரை போய்த் திரும்புவதற்குள் அதுவும் பறந்தது. பின்சக்கரத்திலிருந்து முன்னால் போன மூடி அசையாமல் இருந்தது.

"அப்போ கோளாறு மூடியில இல்ல, சக்கரத்துல," என்றேன்.

"நீ எப்போ மெக்கானிக் ஆன?" என்றார். பிறகு மூடியின் இடுக்குகள் வழியே சக்கரத்தின் ஓட்டைகளுக்குள் பிளாஸ்டிக் பட்டைகளை விட்டு, நாலு இடத்தில் இறுக்கிக் கட்டினார். "இனிமே எங்க பறக்கும்னு பாக்கறேன்."

எனக்குப் பயமாக இருந்தது. அந்த டயரில் காற்றும் குறைந்துகொண்டே வந்தது, இரண்டு முறை நான்தான் அடித்திருந்தேன். பிடிவாதமாகப் பஞ்சர் கடைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

கடைக்காரர் பட்டைகளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், மூடிக்குக் கட்டு போட்டிருக்கீங்க?" என்று சிரித்தார். நாலையும் வெட்டி மூடியை எடுத்தார். விரலை ரிம்மின் விளிம்பில் ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே உள்பக்கமாக ஒரு நெளிவு. சோப்புத் தண்ணீர் ஊற்றினதும் அந்த இடத்தில் மட்டும் குமிழ் குமிழாக வந்தது.

"நெளிஞ்ச எடத்துல கொக்கி பிடிக்காது, அதான் தூக்கி எறிஞ்சிருக்கு. காத்தும் அங்கதான் போகுது. நீங்க கட்டி வச்சிருந்தா டயர் சப்பையாகுற வரைக்கும் தெரிஞ்சிருக்காது. எங்கயோ பலமா அடி வாங்கியிருக்கு சார்."

என் கணவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

"எங்கங்க அடிச்சீங்க?" என்றேன்.

"பொண்ணு பொறந்திருக்குன்னு நர்ஸ் சொன்னாங்கல்ல. உனக்குக் காப்பி வாங்கப் போனேன். சந்தோஷத்துல பள்ளம் கண்ணுக்குத் தெரியல," என்றார் மெதுவாக. "விளிம்பு நெளிஞ்சது தெரியும். மூடி மாட்டினா மறைஞ்சிடும்னு விட்டுட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். காப்பி ஆறிப்போய் வந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

ரிம்மை நிமிர்த்த இரண்டு நாள் ஆகும் என்பதால் கடைக்காரர் ஸ்டெப்னியை மாட்டினார். "இதுக்கு மூடி போடாதீங்க. அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி இறுக்கிப் பாக்கணும், அது கண்ணு முன்னாடி இருக்கட்டும். உங்க ஊர் ரோட்டுக்கு இந்த மூடிங்களே வேண்டாம்னுதான் நான் சொல்வேன்."

மூன்று வெள்ளிச் சக்கரம், ஒரு கறுப்புச் சக்கரம். பல் போன வாய் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மீதி மூன்றையும் அவரே கழற்றி, துடைத்து, என் புடவை அலமாரியில் வைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், ஸ்டெப்னி மாட்டியதிலிருந்து எண்ணி ஐம்பதாவது கிலோமீட்டரில் வண்டியை ஓரங்கட்டினார். ஸ்பேனரோடு இறங்கினார். ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது. மீதியை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு திருப்தியில்லாமல் மறுபடியும் பார்த்தார்.

"அப்பா, உங்க வெள்ளி மூடியெல்லாம் எங்க?" என்றாள் மகள்.

"எனக்கு நட்டு தெரியணும்," என்றார் அவர்.

அப்புறம் நாலு எட்டு தள்ளி நின்று, துருவேறிய அந்தச் சக்கரங்களைப் பார்த்தார். "பாக்க எப்படிடி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ரொம்ப அசிங்கமா இருக்கு," என்றேன். "ஏறுங்க. பேத்தி தூங்கறா."