மருந்து மாஸ்டரின் ஒரு வரி

"உங்க மருந்து மாஸ்டர் எங்கன உக்காருதாரு மேடம்? டோக்கன் போடணுமா?"

வியாழக்கிழமை மத்தியானம், அச்சகத்தில் ஒரு தீப்பெட்டி லேபிளின் சிவப்பைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது இந்த போன் வந்தது. ராங் நம்பர் என்றேன். அந்தப் பெண் என் நம்பரையே ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டினாள். தன் பெயர் பூங்கொடி, ஓட்டப்பிடாரம் பக்கம் என்றாள்.

"எங்க அப்பா மூணு நாளா பிரஷர் மாத்திரையத் தொடவே மாட்டேங்காவ. மருந்து கூடிட்டா தலை தெறிச்சிரும்னு உங்க மாஸ்டர் சொல்லியிருக்காராம்லா. காலையில இருந்து தலை சுத்துதுங்காவ. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டாவளாம். அவரு வந்து சொன்னாத்தான் மாத்திரை போடுவாவளாம்."

எந்த மாஸ்டர், எந்தத் தலை? எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கார்டு இருக்கிறதே என்று அவள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் செய்த கார்டு.

ஞாயிறுகளில் நான் ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறேன். பெயர் 'என்ன வேலை பாக்கீங்க?' இந்த ஊரில் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசவைப்பேன். இந்த வார விருந்தினர் பிச்சையா அண்ணாச்சி. தீப்பெட்டி ஆலையில் முப்பத்தைந்து வருடமாக மருந்து கலக்குகிறவர். குச்சியின் தலையில் ஒட்டுகிற சரக்குக்குக் கோவில்பட்டியில் மருந்து என்றுதான் பெயர். அதைக் கலக்குகிறவர் மருந்து மாஸ்டர். இதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்களிலும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

எபிசோடை விளம்பரப்படுத்த ஒரு கார்டு செய்வேன். விருந்தினர் முகம், அவர் சொன்னதில் மனதில் நிற்கிற ஒரு வரி, கேட்க வேண்டிய லிங்குகள். பிச்சையா சொன்னது, "குச்சியில மருந்து கூடிட்டா தலை தெறிச்சிரும்." தடித்த எழுத்தில் போட்டால் வரி நீண்டு அண்ணாச்சியின் மீசையில் ஏறியது. 'குச்சியில' என்ற சொல்லைத் தூக்கிவிட்டேன். மீசை தப்பித்தது. கீழே 'மருந்து மாஸ்டர் பிச்சையா, 35 ஆண்டு அனுபவம்' என்று போட்டேன். போட்டோவில் அவர் ஒரு பாத்திரத்தில் பழுப்பாக எதையோ கிண்டிக் கொண்டிருந்தார். இப்போது பார்த்தால் லேகியம் மாதிரியேதான் இருக்கிறது. அதற்கும் கீழே, 'விருந்தினராக வர அழைக்கவும்' என்று என் நம்பர்.

லிங்குகளைப் படத்துக்கு வெளியே, கீழே எழுதுகிற வரியில் போட்டிருந்தேன். யாரோ என் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். லிங்க் போய்விட்டது, தலை தெறிக்கிற வரி மட்டும் ஊர் ஊராகப் போயிருக்கிறது. அது வரைக்கும் அந்த எபிசோடைக் கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர். அதில் நான்கு முறை கேட்டது நான்.

"அது தீக்குச்சி மருந்தும்மா! மாத்திரை இல்ல!" என்று கத்தினேன்.

"நான் சொன்னா நம்பமாட்டாவ மேடம். அவரு குரல்லயே கேக்கணும்பாவ."

குரல்தானே, அதுதான் எபிசோடிலேயே இருக்கிறதே. வாராவாரம் ஒட்டுகிற விளம்பரச் செய்தியை அப்படியே அனுப்பி, அவர் குச்சியைப் பற்றிப் பேசுகிற பதினாலாவது நிமிடத்துக்குத் தள்ளிக் கேட்கச் சொன்னேன். முதல் லிங்க் ஆப்பை இறக்கச் சொன்னது. அவள் போனில் இடமில்லை. "அப்ப யூடியூப் லிங்க்கைத் தொடு" என்றேன். திறந்துவிட்டது என்றாள். அப்பாடா என்று லேபிளின் சிவப்புக்குத் திரும்பினேன்.

இருபது நிமிடத்தில் மறுபடியும் போன். இந்தத் தடவை அழுகை.

"என்ன மேடம் நீங்க! மாத்திரையே வேண்டாம், வேப்பங்கொழுந்த அரைச்சுக் கொடுங்கன்னுல்லா அவரு சொல்லுதாரு! எங்க அப்பா என்னைய மரத்துல ஏறச் சொல்லுதாவ!"

பிச்சையா எங்கே வேப்பங்கொழுந்தைப் பற்றிப் பேசினார்? முழித்தேன். ஒரு நிமிடம் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் அந்த லிங்க்கை நானே தொட்டுப் பார்த்தேன். போன வார எபிசோடு. கழுகுமலைக்காரர் ஒருவர், தன் ஆட்டுக்கு வயிறு ஊதினால் என்ன செய்வார் என்று சொல்லிக் கொண்டிருந்தார். பழைய செய்தியை நகலெடுத்து, விருந்தினர் பெயரை மாற்றி, முதல் லிங்க்கை மாற்றி, யூடியூப் லிங்க்கை மாற்ற மறந்திருக்கிறேன். ஒரு மனுஷனை ஆட்டு வைத்தியத்தில் தள்ளிவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

சரியான லிங்க்கை அனுப்பினால், இனி உங்க லிங்க் எதையும் தொடமாட்டேன் என்றாள் பூங்கொடி. அவளைக் குறை சொல்ல முடியாது.

பிச்சையாவுக்கு போன் போட்டுப் பயனில்லை. ஆலைக்குள் செல்போன் கூடாது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்கூட்டியை எடுத்துக் கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். முழங்கை வரை பழுப்புக் கறையோடு வந்தார்.

"கார்டு நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ காளீஸ்வரி. மீசை எடுப்பா விழுந்திருக்காம்லா!"

"மீசையை விடுங்க அண்ணாச்சி. உங்களால ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டாரு."

நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் குச்சியிலன்னுல்லா சொன்னேன்?" என்றார். ஆமாம், அதை நான்தான் எடுத்தேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

பூங்கொடியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவளுடைய அப்பா, கடற்கரை என்று பெயர், லைனுக்கு வந்தார். குரல் தளர்ந்திருந்தது.

"மாஸ்டரா? நீரு சொன்னபடி நிறுத்திட்டேன். வேப்பங்கொழுந்து எத்தனை வேளைக்கு?"

"அண்ணாச்சி, வேப்பங்கொழுந்து நான் சொல்லல. அது ஆட்டுக்காரரு. நான் தீப்பெட்டி மருந்து கலக்குத ஆளு. குச்சித் தலையத்தான் சொன்னேன், மனுஷத் தலைய இல்ல."



"அப்ப என் மாத்திரை கூடுதலா, கம்மியா?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"முப்பத்தஞ்சு வருஷம் மருந்துல இருந்திருக்கீரு, இது தெரியாதா?"

"தெரியாது. ஒமக்கு எழுதிக் கொடுத்த டாக்டருக்குத்தான் தெரியும்."

போச்சு, போனை வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அப்போது அவர் மகளிடம் பேசுவது கேட்டது.

"ஏட்டி பூங்கொடி, இந்த மனுஷன் தெரியாததத் தெரியாதுங்காரு. இவரு பொய் சொல்லமாட்டாரு. டாக்டர் சீட்ட எடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பிச்சையா வாசல் திண்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். நான் போனைக் கையில் வைத்துக் கொண்டு நின்றேன். அந்தப் பதிவை எடிட் செய்த சனிக்கிழமை என் நினைவுக்கு வந்தது. ஈரத்தைப் பற்றி, விலையைப் பற்றி, வரப்போகிற மெஷினைப் பற்றி என்று நான் கேட்டதற்கெல்லாம் அவர் பதினோரு இடத்தில் "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லியிருந்தார். விருந்தினரின் மதிப்பு குறைந்துவிடும் என்று பதினொன்றையும் வெட்டி எறிந்தவள் நான்.